6,412 பாடல்கள் கொண்ட பிளேலிஸ்ட்: இரட்டிப்புகளை நீக்குவதும் வரிசையை எல்லாக் கருவிகளிலும் நிலைநிறுத்துவதும்

கேள்வி: "ஸ்பாட்டிஃபையில் என் பிளேலிஸ்ட் ஒன்றில் 6,412 பாடல்கள் இருக்கின்றன. பல வருடங்களாகச் சேர்த்தவை. ஒரே பாடல் இரண்டு மூன்று இடங்களில் வருகிறது. முதல் இருநூறு பாடல்களைக் கையால் இழுத்து எனக்குப் பிடித்த வரிசையில் வைத்தேன்; மீதியை மடிக்கணினியில் கலைஞர் வாரியாக அடுக்கினேன். கைபேசியில் திறந்தால் அந்த வரிசை இல்லை, மொத்த எண்ணிக்கையும் பொருந்தவில்லை. ஒவ்வொன்றாக அழிக்காமல், இழுக்காமல் இதைச் சரிசெய்ய முடியுமா?"

முடியும். இரண்டு வேலைகளையும் ஒரே விரிதாளில், ஒரே ஓட்டத்தில் முடித்துவிடலாம். எதையும் அழிக்கத் தொடங்குவதற்கு முன், உங்கள் வரிசை ஏன் கைபேசிக்குப் போகவில்லை என்பதைப் பார்த்துவிடுவோம். காரணம் தெரியாமல் சுத்தம் செய்தால், அதே குழப்பம் புதிய பட்டியலிலும் வந்து நிற்கும்.

ஸ்பாட்டிஃபையின் சர்வரில் ஒவ்வொரு பிளேலிஸ்ட்டுக்கும் ஒரே ஒரு வரிசைதான் சேமிக்கப்படுகிறது. செயலியில் அதன் பெயர் Custom order. நீங்கள் ஒரு பாடலை இழுத்து மேலே வைக்கும்போது அந்தச் சேமித்த வரிசை மாறுகிறது. அது எல்லாக் கருவிகளுக்கும் போகும். Title, Artist, Album போன்ற தலைப்புகளைச் சொடுக்கி அடுக்கும்போது நடப்பது வேறு. அங்கே சேமித்த பட்டியல் அசைவதே இல்லை. அந்தக் கருவியின் திரையில் மட்டும் பாடல்கள் வேறு விதமாகக் காட்டப்படுகின்றன. அந்தத் தேர்வை அந்தக் கருவி மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளும். மடிக்கணினியில் Artist என்று நீங்கள் தேர்ந்தெடுத்தது கைபேசிக்குத் தெரியாது.

ஆகவே உங்கள் பட்டியலில் இரண்டு வேலைகள் கலந்திருக்கின்றன. இருநூறு பாடல்களை இழுத்து வைத்தது உண்மையான மாற்றம், சர்வரில் இருக்கிறது. மீதி ஆறாயிரத்துச் சொச்சம் பாடல்களைக் கலைஞர் வாரியாக அடுக்கியது வெறும் காட்சி. கைபேசியில் Custom order இருந்தால், மேலே உங்கள் இருநூறு பாடல்களும் அதன் கீழே நீங்கள் சேர்த்த காலவரிசையில் மற்றவையும் தெரியும். கைபேசியில் Title என்றோ Recently added என்றோ இருந்தால் இருநூறும் சிதறித் தெரியும்.

இதை உறுதி செய்ய ஒரு சோதனை போதும். மடிக்கணினியில் பாடல் பட்டியலுக்கு மேலே வலது பக்கம் உள்ள தேர்வில் Custom order என்பதைத் தேர்ந்தெடுங்கள். பட்டியலின் நடுவிலிருந்து எளிதில் அடையாளம் தெரியும் ஒரு பாடலை முதலிடத்துக்கு நகர்த்துங்கள். பிறகு கைபேசியில் அதே பிளேலிஸ்ட்டைத் திறந்து, பட்டியலைச் சற்றுக் கீழே இழுங்கள். Sort என்ற பொத்தான் வெளிப்படும். அதிலும் Custom order தேர்ந்தெடுங்கள். பாடல் முதலிடத்தில் இருந்தால் ஒத்திசைவில் எந்தப் பழுதும் இல்லை, காட்சிதான் வேறுபட்டிருந்தது. உங்கள் விவரிப்பைப் படித்தவரை, பெரும்பாலும் இதுதான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

பாடல் வரவில்லை என்றால் ஒரு நடுவரை அழைக்க வேண்டும். உலாவியின் தனிப்பட்ட சாளரத்தில் open.spotify.com தளத்தில் நுழைந்து அதே பட்டியலைப் பாருங்கள். அங்கே பழைய தற்காலிகச் சேமிப்பு எதுவும் இல்லாததால், தெரிவது சர்வரில் இருப்பதுதான். உலாவியில் மாற்றம் தெரிகிறது, கைபேசியில் தெரியவில்லை என்றால் பழுது கைபேசியில். முதலில் அது இணையமில்லா நிலையில் விடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து, அமைப்புகளில் Clear cache கொடுங்கள். பதிவிறக்கிய பாடல்களை இது தொடாது. அப்படியும் சரியாகவில்லை என்றால் வெளியேறி மீண்டும் நுழையுங்கள். ஆனால் அப்போது பதிவிறக்கங்களை மறுபடி எடுக்க நேரலாம் என்பதால் அதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். உலாவியிலேயே மாற்றம் இல்லை என்றால் மடிக்கணினி அதை அனுப்பவே இல்லை. இன்னொரு வாய்ப்பும் உண்டு: மடிக்கணினியில் மின்னஞ்சல் வழியாகவும் கைபேசியில் வேறொரு சேவையின் வழியாகவும் நுழைந்து, ஒருவரே தம்மை அறியாமல் இரண்டு கணக்குகள் வைத்திருப்பது. அப்போது கைபேசியில் இருப்பது, ஒரு கணக்கின் பட்டியலை இன்னொரு கணக்கு பின்தொடர்வது மட்டுமே. அங்கே திருத்தும் வசதியே இருக்காது; அதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.

எண்ணிக்கை பொருந்தாததற்குப் பெரும்பாலும் வேறு காரணம். உரிமம் முடிந்தோ, வெளியிட்ட நிறுவனம் திரும்பப் பெற்றோ சில பாடல்கள் இசைக்க முடியாதவையாக மாறிவிடும். பட்டியலில் அவற்றின் இடம் அப்படியே இருக்கும். அவற்றைச் சாம்பல் நிறத்தில் காட்டுவதா, மறைப்பதா என்பதற்கு அமைப்புகளில் ஒரு பொத்தான் இருக்கிறது. அதுவும் ஒவ்வொரு கருவியிலும் தனித்தனி. ஒன்றில் காட்டி மற்றொன்றில் மறைத்தால் பட்டியலின் நீளம் வேறுபட்டுத் தெரியும். வேலை முடியும்வரை இரண்டிலும் காட்டும்படி வைத்துக்கொள்ளுங்கள். மறைந்திருக்கும் பாடல்களுடன் கணக்குப் பார்த்தால் எந்த எண்ணையும் நம்ப முடியாது.

இனி சுத்தம் செய்யும் வேலை. செயலிக்குள் உட்கார்ந்து அழிப்பதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். இவ்வளவு நீளமான பட்டியலில் கண் தவறும். தவறாக அழித்த பாடல் எந்த இடத்தில் இருந்தது என்பது பிறகு தெரியாது. பழைய பட்டியலைத் தொடாமல் விட்டுவிட்டு, விரிதாளில் சரியான பட்டியலைத் தயாரித்து, அதைப் புதிய பிளேலிஸ்ட்டாக ஒட்டுவதே பாதுகாப்பானது. ஒரு பிளேலிஸ்ட்டில் 10,000 பாடல்கள் வரை வைக்கலாம் என்பதால் உங்களுக்கு இடம் தாராளமாக இருக்கிறது.

பட்டியலை வெளியே எடுக்க Exportify என்ற திறமூலக் கருவி உதவும். உலாவியிலேயே இயங்கும், உங்கள் கணக்கைக் காட்டி அனுமதி கொடுத்தால், தேர்ந்தெடுத்த பிளேலிஸ்ட்டை சிஎஸ்வி கோப்பாகத் தரும். ஒரு பாடலுக்கு ஒரு வரி. சேமித்த வரிசையிலேயே வரும். பாடலின் முகவரி, பெயர், கலைஞர், ஆல்பம், மில்லி விநாடியில் நீளம், சேர்த்த தேதி ஆகியவை இருக்கும். ISRC என்ற நெடுவரிசையும் இருந்தால் மிக நல்லது. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். கோப்பை எக்செல்லில் இரட்டைச் சொடுக்கில் திறக்க வேண்டாம். தமிழ்ப் பெயர்கள் குப்பை எழுத்துகளாகத் தெரிய வாய்ப்பு அதிகம். Data பட்டியில் உள்ள From Text/CSV வழியாக யூடிஎஃப்-8 என்று குறிப்பிட்டு உள்ளே கொண்டுவாருங்கள், அல்லது கூகுள் ஷீட்ஸில் திறங்கள். கோப்பின் ஒரு நகலைத் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். சேர்த்த தேதிகள் இனி அந்த நகலில் மட்டுமே இருக்கப் போகின்றன, ஏனெனில் புதிய பிளேலிஸ்ட்டில் எல்லாப் பாடல்களுக்கும் ஒட்டிய நாளே சேர்த்த தேதியாகிவிடும்.

வெளிக்கருவிக்கு அனுமதி தர விருப்பமில்லை என்றால், கணினிச் செயலியில் Custom order வைத்து, ஏதாவது ஒரு பாடலைச் சொடுக்கி, Ctrl+A, பிறகு Ctrl+C அழுத்தி, விரிதாளில் ஒட்டிப் பாருங்கள். பாடல்களின் முகவரிகள் வரிசையாக விழும். பெயரும் நீளமும் இல்லாததால் முதல் வகை இரட்டிப்பை மட்டுமே இதில் பிடிக்க முடியும்.

விரிதாளில் முதல் வேலையாக, இடது ஓரத்தில் A என்று ஒரு புதிய நெடுவரிசை சேர்த்து 1 முதல் 6412 வரை எண்ணிடுங்கள். இந்த எண்தான் உங்கள் பழைய வரிசையின் ஒரே சாட்சி. பிறகு எத்தனை முறை மாற்றி அடுக்கினாலும் A நெடுவரிசையால் அடுக்கினால் தொடங்கிய இடத்துக்கே திரும்பலாம். அடுக்கும்போது ஒரு நெடுவரிசையை மட்டும் தேர்ந்தெடுத்து அடுக்கிவிடாதீர்கள். முழு அட்டவணையும் சேர்ந்து நகர வேண்டும். இல்லையென்றால் ஒரு பாடலின் பெயர் வேறொன்றின் முகவரியுடன் போய் ஒட்டிக்கொள்ளும். அதைக் கண்டுபிடிப்பது கடினம்.

இப்போது இரட்டிப்புகள். இவற்றில் முதல் வகை எளிது: ஒரே முகவரி இரண்டு முறை இருப்பது. ஸ்பாட்டிஃபையில் ஒவ்வொரு பாடலுக்கும் 22 எழுத்துகள் கொண்ட அடையாளக் குறி உண்டு; அது ஒன்றாக இருந்தால் ஐயமே இல்லை. முகவரி B நெடுவரிசையில் இருப்பதாகக் கொண்டால், காலியாக உள்ள ஒரு நெடுவரிசையின் இரண்டாம் வரியில் இதை எழுதிக் கடைசி வரை இழுத்து நிரப்புங்கள்:

```
=COUNTIF(B$2:B2,B2)
```

இந்தச் சூத்திரம், அந்த வரிவரை அதே முகவரி எத்தனையாவது முறையாக வருகிறது என்று சொல்லும். 1 என்றால் முதல் வருகை. 2, 3 என்றால் மறுபடி வந்தவை. பட்டியல் A எண் வரிசையில் இருக்கும்போது இதைச் செய்வதில் உங்களுக்கு ஒரு தனி நன்மை இருக்கிறது: கையால் வைத்த இருநூறு பாடல்களும் மேலே இருப்பதால், அவற்றின் நகல்கள் கீழே எங்கிருந்தாலும் கீழே உள்ளவைதான் 2 என்று குறிக்கப்படும். நீங்கள் பார்த்துப் பார்த்து வைத்த இடம் காப்பாற்றப்படுகிறது.

இதில் ஒரு கண்ணி உண்டு. சூத்திரம் உயிரோடு இருக்கும்போது அட்டவணையை வேறு வகையில் அடுக்கினால், எண்கள் புதிய வரிசைக்கு ஏற்ப மாறிவிடும். எது முதல் வருகை என்ற கணக்கு புரண்டுவிடும். ஆகவே நிரப்பி முடித்ததும் அந்த நெடுவரிசையை நகலெடுத்து, அதே இடத்தில் மதிப்புகளாக மட்டும் ஒட்டுங்கள். பிறகு 1-ஐவிடப் பெரியவற்றை வடிகட்டி, வரியோடு நீக்குங்கள்.

கணக்கைத் தொடர்ந்து பார்க்க வசதியாக, இந்தச் சுற்றில் 388 வரிகள் போயின என்று வைத்துக்கொள்வோம். மீதம் 6,024.

இரண்டாம் வகைதான் பெரிய பட்டியல்களில் உண்மையான தொல்லை. ஒரே ஒலிப்பதிவு முதலில் தனிப்பாடலாக வெளியாகும், பிறகு ஆல்பத்தில் வரும், பின்னர் ஒரு தொகுப்பில் இடம்பெறும். மூன்றுக்கும் தனித்தனி முகவரி. நீங்கள் ஒவ்வொரு காலத்தில் ஒவ்வொன்றைச் சேர்த்திருப்பீர்கள். சேர்க்கும்போது செயலி எச்சரித்திருக்கவும் மாட்டாது. பெயரை வைத்துத் தேடினாலும் சிக்கல். தனிப்பாடலில் அடைப்புக்குறிக்குள் From என்று படப் பெயர் ஒட்டியிருக்கும், ஆல்பத்தில் இருக்காது. ஒன்றில் இசையமைப்பாளர் பெயர் முதலில், மற்றொன்றில் பாடகர் பெயர் முதலில். தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்தில் எழுதும்போது எழுத்துக்கூட்டலும் மாறும்.

இங்கேதான் ISRC கைகொடுக்கிறது. இது ஒலிப்பதிவுகளுக்கென்று உள்ள சர்வதேசக் குறியீடு. 12 எழுத்துகளும் எண்களும் கொண்டது. வெளியீட்டுக்கு அல்ல, பதிவுக்கே இது வழங்கப்படுகிறது. ஆகவே ஒரே பதிவு தனிப்பாடலில் இருந்தாலும் தொகுப்பில் இருந்தாலும் குறியீடு ஒன்றாகவே இருக்க வேண்டும். ISRC நெடுவரிசை G என்றால்:

```
=IF(G2="","",COUNTIF(G$2:G2,G2))
```

காலி வரிகளை ஒதுக்கும் அந்த முன்பகுதி அவசியம். அது இல்லாவிட்டால் குறியீடு இல்லாத பாடல்கள் எல்லாம் ஒன்றுக்கொன்று நகல் என்று காட்டப்படும் அபாயம் உண்டு. உங்கள் கணினியிலிருந்து சேர்த்த சொந்தக் கோப்புகள் அப்படித்தான் குறியீடு இல்லாமல் இருக்கும்.

ஆனால் இந்தச் சுற்றில் 2 என்று வந்தவற்றை உடனே நீக்கிவிடாதீர்கள். முதல் வகையில் இரண்டு வரிகளும் அச்சாக ஒன்று. எதை விட்டாலும் கவலையில்லை. இங்கே எந்த இடத்தை வைத்துக்கொள்வது, எந்த வெளியீட்டை வைத்துக்கொள்வது என்று இரண்டு தனி முடிவுகள் இருக்கின்றன. இடம் உங்கள் இருநூறில் இருக்கும் வரியுடையதாக இருக்கலாம்; ஆனால் அந்த வரியில் இருப்பது ஏதோ ஒரு தொகுப்பின் முகவரியாக இருக்கலாம். தொகுப்புகளைவிட மூல ஆல்பத்தையே வைத்துக்கொள்வது நல்லது என்பது என் கருத்து. தொகுப்புகள் உரிம மாற்றத்தில் எளிதாகக் காணாமல்போகின்றன. அதோடு, தொகுப்பில் ஆல்பக் கலைஞர் என்ற இடத்தில் பெரும்பாலும் Various Artists என்றே இருக்கும். கலைஞர் வாரியாக அடுக்கும்போது அந்தப் பாடல் தன் கூட்டத்தை விட்டு ஒதுங்கிப் போய் நிற்கும்.

அதனால் 2, 3 என்று குறிக்கப்பட்ட வரிகளின் குறியீட்டை வைத்து அட்டவணையை ISRC வாரியாக அடுக்குங்கள். ஜோடிகள் அடுத்தடுத்து வந்து நிற்கும். ஒவ்வொரு ஜோடியிலும் ஆல்பப் பெயரைப் பாருங்கள். மேல் வரியின் இடமும் கீழ் வரியின் வெளியீடும் வேண்டுமென்றால், கீழ் வரியின் A எண்ணை மேல் வரியின் எண்ணாக மாற்றிவிட்டு, மேல் வரியை நீக்குங்கள். முகவரியை மட்டும் வெட்டி ஒட்டுவதைவிட இது நல்லது. பெயர், ஆல்பம், நீளம் எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தியே இருக்கும். இந்தச் சுற்றில் 271 போயின என்றால் மீதம் 5,753.

குறியீடு ஒன்றாக இருக்க வேண்டும் என்றேன். எப்போதும் அப்படி இருப்பதில்லை. உரிமை கைமாறி வேறு நிறுவனம் மறுபடி வெளியிடும்போது புதிய குறியீடு வாங்கிவிடுவதும் உண்டு. அவற்றைப் பிடிக்கக் கண்ணால் ஒரு சுற்று போக வேண்டியிருக்கிறது. பாடல் பெயர், அதற்குள் நீளம் என்ற வரிசையில் அடுக்கி, ஒரே பெயர் அடுத்தடுத்து வரும் இடங்களை மட்டும் பாருங்கள். நீளம் நல்ல சாட்சி. ஒரே பெயர், ஒரே பாடகர், நீளத்தில் இரண்டு விநாடிக்குள் வேறுபாடு என்றால் பெரும்பாலும் ஒரே பதிவு. தொடக்கத்திலோ முடிவிலோ உள்ள மௌனம் மட்டும் கூடக்குறைய இருக்கும். மில்லி விநாடியில் 2000 என்பது அந்த இரண்டு விநாடி. வேறுபாடு பத்து, இருபது விநாடி என்றால் கேட்டுப் பார்க்காமல் நீக்காதீர்கள். மேடையில் பாடியது, மறுகலவை, வானொலிக்காகச் சுருக்கியது, மீண்டும் பாடிப் பதிந்தது எல்லாம் பெயரால் ஒன்றுபோலத் தெரியும். ஆனால் அவை வெவ்வேறு பதிவுகள். அவற்றை இரட்டிப்பு என்று நினைத்து நீக்கினால், எது போனது என்பதே பல மாதம் கழித்துத்தான் தெரியவரும்.

இந்தச் சுற்றில் பெயருக்கும் COUNTIF போட்டுத் தானாகச் செய்யலாமே என்று தோன்றும். வேண்டாம். அந்தச் சூத்திரம் பெயரில் உள்ள நட்சத்திரக் குறியையும் கேள்விக்குறியையும் 'எந்த எழுத்தாகவும் இருக்கலாம்' என்று எடுத்துக்கொள்ளும்; தொடர்பில்லாத பெயர்கள் பொருந்தியதாகக் காட்டும். முகவரியிலும் ISRC குறியீட்டிலும் அந்தக் குறிகள் இல்லாததால் அங்கே இந்தத் தொல்லை வரவில்லை. கண்பார்வைச் சுற்றில் 52 போயின என்று வைத்தால் மீதம் 5,701. இதுதான் புதிய பட்டியலின் எண்ணிக்கை. ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

இரட்டிப்புகளைத் தானாக நீக்கும் இணையக் கருவிகளும் இருக்கின்றன. Spotify Dedup அவற்றில் பலரும் அறிந்தது. சாதாரணப் பட்டியலுக்கு அது போதும். உங்களுக்கு நான் பரிந்துரைக்காததற்குக் காரணம் அந்த இருநூறு பாடல்கள்: இடத்தையும் வெளியீட்டையும் பிரித்து முடிவு செய்ய ஒரு தானியங்கிக்குத் தெரியாது. நீங்களே நிரல் எழுதி அழிக்க நினைத்தால் ஒன்றை மறக்காதீர்கள்: ஸ்பாட்டிஃபையின் நிரல் இடைமுகத்தில் ஒரு பாடலை அதன் முகவரியைக் கொடுத்து நீக்கினால், அந்தப் பட்டியலில் அது இருக்கும் எல்லா இடங்களிலிருந்தும் போய்விடும். ஒரு நகலை நீக்க நினைத்து மூன்றையும் இழக்க நேரும்.

அடுத்தது வரிசை. A எண்ணால் மறுபடி அடுக்குங்கள். மேலே உங்கள் இருநூறு பாடல்கள், அல்லது அவற்றுக்குள்ளேயே இரட்டிப்பு இருந்திருந்தால் சற்றுக் குறைவாக, பழைய ஒழுங்கில் நிற்கும். அவற்றைத் தொட வேண்டாம். கீழே உள்ள மீதி வரிகளை மட்டும் முழு வரிகளாகத் தேர்ந்தெடுத்து, ஆல்பக் கலைஞர், ஆல்பம், வட்டு எண், பாடல் எண் என்ற ஒழுங்கில் அடுக்குங்கள். பாடலின் கலைஞரை வைத்து அடுக்காமல் ஆல்பக் கலைஞரை வைத்து அடுக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒரு ஆல்பத்தில் நான்கு பாடல்களில் வேறொரு பாடகர் சேர்ந்து பாடியிருந்தால், அந்த நான்கின் கலைஞர் நெடுவரிசையில் இரண்டு பெயர்கள் இருக்கும். ஆல்பம் இரண்டாக உடைந்துவிடும். ஆல்பக் கலைஞர் முழு ஆல்பத்துக்கும் ஒன்றுதான்.

அடுக்கி முடித்ததும் புதிய எண்களை இன்னொரு நெடுவரிசையில் 1 முதல் 5701 வரை போடுங்கள். ஏதாவது ஒரு பாடலை நடுவில் நகர்த்த வேண்டுமென்றால் இழுக்கத் தேவையே இல்லை. 1503-க்கும் 1504-க்கும் நடுவே வர வேண்டிய பாடலுக்கு 1503.5 என்று எண் கொடுத்து மறுபடி அடுக்கினால் அது தன் இடத்தில் போய் உட்காரும். ஆயிரக்கணக்கான வரிகளைத் தாண்டிக் கைபேசியில் விரலால் இழுப்பதற்கு இது எவ்வளவோ மேல்.

இனி ஒட்டுதல். கணினிச் செயலியில் புதிய பிளேலிஸ்ட் ஒன்றை உருவாக்குங்கள். விரிதாளில் முகவரி நெடுவரிசையில் முதல் 500 வரிகளை நகலெடுத்து, அந்தக் காலிப் பிளேலிஸ்ட்டைத் திறந்து Ctrl+V கொடுங்கள். பாடல்கள் அதே ஒழுங்கில் சேரும். அது Custom order காட்சியில்தான் இருக்கிறதா என்று முதல் ஒட்டலுக்குப் பின் பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்த 500 அதன் கீழே போய்ச் சேரும். 5,701 பாடல்களுக்கு ஐந்நூறாகப் பதினொரு முறை, கடைசியாக 201. மொத்தத்தையும் ஒரே தடவையில் ஒட்ட முயலலாம்தான். ஆனால் நடுவில் சில பாடல்கள் விழாமல் போனால் எங்கே போயிற்று என்று 5,701-க்குள் தேட வேண்டியிருக்கும். பகுதி பகுதியாக ஒட்டினால் ஒவ்வொரு முறையும் எண்ணிக்கை 500, 1,000, 1,500 என்று சரியாக ஏற வேண்டும். 1,498 என்று நின்றால் தவறு அந்தக் கடைசிப் பகுதிக்குள்தான். அந்தப் பகுதியை மட்டும் அழித்து மறுபடி ஒட்டலாம். ஒட்டும்போது சில பாடல்கள் ஏற்கெனவே இருக்கின்றன என்று எச்சரிக்கை எழுந்தால், ஒரே பகுதியை இரண்டு முறை ஒட்டுகிறீர்கள் அல்லது முதல் வகை இரட்டிப்பு ஒன்று தப்பியிருக்கிறது, நிறுத்திப் பாருங்கள்.

சொந்தக் கோப்புகளின் முகவரி spotify:local என்று தொடங்கும். அவற்றை இந்த வழியில் ஒட்ட முயல வேண்டாம். முன்கூட்டியே வடிகட்டித் தனியாக வைத்து, எல்லாம் முடிந்தபின் கணினிச் செயலியில் பழைய பட்டியலிலிருந்து நேரடியாகச் சேர்த்து இடம் பாருங்கள்.

ஒட்டும் நேரத்தில் கைபேசியில் அந்தப் பட்டியலைத் திருத்தாதீர்கள். பிளேலிஸ்ட் மாற்றங்கள் 'இந்த இடத்தில் இருப்பதை அந்த இடத்துக்கு நகர்த்து' என்ற வகைக் கட்டளைகளாகப் போகின்றன. ஒரு கருவி பழைய பட்டியலை வைத்துக்கொண்டு இட எண் சொன்னால், அந்த எண்ணில் இப்போது வேறு பாடல் இருக்கலாம். இணையம் இல்லாதபோது கைபேசியில் செய்த நகர்த்தல்கள் பிறகு வந்து சேரும்போது வரிசை புரிபடாமல் மாறியிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். நீளமான பட்டியலைத் திருத்துவதற்கு ஒரே ஒரு கருவியை வைத்துக்கொள்வது நல்லது. மற்றவற்றில் கேட்டால் போதும்.

சரிபார்க்க எல்லாப் பாடல்களையும் பார்க்க வேண்டியதில்லை. விரிதாளில் 1, 500, 501, 3000, 5701 ஆகிய எண்களில் உள்ள பாடல்களைக் குறித்துக்கொள்ளுங்கள். 500, 501 இரண்டையும் சேர்த்ததற்குக் காரணம், அது இரண்டு பகுதிகளின் தையல். பிழை இருந்தால் அங்கேதான் அதிகம் தெரியும். கணினிச் செயலியில் வரிசை எண் தெரிவதால் அங்கே ஐந்தும் பொருந்துகிறதா என்று பாருங்கள். கைபேசியில் Sort சென்று Custom order தேர்ந்தெடுத்து முதல் பாடலையும் கடைசிப் பாடலையும் பார்த்தால் போதும். இது புதிய பிளேலிஸ்ட் என்பதால் பழைய காட்சித் தேர்வு எதுவும் அதில் ஒட்டியிருக்காது. பாடல்கள் தாறுமாறாக ஒலித்தால், வரிசையைச் சந்தேகிக்கும் முன் கலைத்து இசைக்கும் பொத்தான் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். அதில் Smart Shuffle என்ற நிலையும் உண்டு; பிரீமியம் கணக்குகளில் அது பட்டியலில் இல்லாத பாடல்களைக்கூட நடுவே செருகும்.

பழைய பட்டியலின் இணைப்பை மற்றவர்களுடன் பகிர்ந்திருக்கிறீர்கள், யாராவது பின்தொடர்கிறார்கள் என்றால் புதிய பிளேலிஸ்ட் அவர்களுக்குப் போகாது. அப்போது புதியதில் எல்லாம் சரியாக இருப்பதை உறுதி செய்தபின், பழைய பிளேலிஸ்ட்டைக் காலி செய்து, அதே பகுதிகளை அதற்குள் ஒட்டுங்கள். முகவரியும் பின்தொடர்பவர்களும் அப்படியே இருப்பார்கள். பின்தொடர்பவர் யாரும் இல்லை என்றால் பழையதைச் சில வாரம் வைத்திருந்து, பிறகு நீக்குங்கள். முழுப் பிளேலிஸ்ட்டை நீக்கினால் கணக்குப் பக்கத்தில் 90 நாள்களுக்குள் மீட்டெடுக்கலாம். ஆனால் பட்டியலுக்குள் தனித்தனியாக அழித்த பாடல்களை அந்த வசதி திருப்பித் தராது. உங்கள் சிஎஸ்வி நகல்தான் தரும்.

பதிவிறக்கி வைத்துக் கேட்பவர் என்றால், கைபேசியில் புதிய பிளேலிஸ்ட்டுக்குப் பதிவிறக்கத்தை இயக்கிய பிறகே பழையதன் பதிவிறக்கத்தை அணையுங்கள். இரண்டிலும் உள்ள அதே பாடல்கள் ஏற்கெனவே கைபேசியில் இருப்பதால் காத்திருப்பு குறையும். ஒரு கருவிக்கு 10,000 பாடல்கள் என்பதே பதிவிறக்க வரம்பு. வேறு பெரிய பட்டியல்களையும் பதிவிறக்கியிருந்தால் அதையும் கூட்டிப் பாருங்கள்.

இனிமேல் புதிய பாடல் சேர்த்தால் அது Custom order-இன் கடைசியில் போய் நிற்கும், கலைஞர் கூட்டத்துக்குள் தானாகப் போகாது. ஐம்பது, நூறு என்று சேர்ந்ததும் மறுபடி ஏற்றுமதி செய்து, அந்தக் கடைசி வரிகளுக்கு மட்டும் 1503.5 போல இட எண் கொடுத்து அடுக்கி ஒட்டுங்கள். Liked Songs பட்டியலில் இந்த முயற்சி பலிக்காது. அதற்கு Custom order என்பதே கிடையாது, சொந்த வரிசை வேண்டிய பாடல்களை ஒரு பிளேலிஸ்ட்டில்தான் வைத்தாக வேண்டும்.